சர்க்கரை இறங்கிய பிறகும் சுரக்கும் இன்சுலின்

1942ஆம் ஆண்டு. பிரான்சின் தென்பகுதியில் உள்ள மோன்பெலியே நகரம். போர்க்காலம் என்பதால் மக்களுக்குச் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. போதாததற்கு டைபாய்டு வேறு. அங்கிருந்த மருத்துவர் மார்செல் ஜான்போன், புதிதாக வந்த ஒரு சல்பா மருந்தை டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தால் சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் நினைவிழந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. ரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது தெரிந்தது.

ஏன் என்று கண்டுபிடிக்கும் வேலையை அதே ஊரைச் சேர்ந்த ஆய்வாளர் ஓகுஸ்த் லூபாத்தியேர் எடுத்துக்கொண்டார். நாய்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார், சர்க்கரை இறங்கியது. கணையத்தை அகற்றிய நாய்களுக்கும் கொடுத்தார், இறங்கவில்லை. அப்படியென்றால் மருந்து தானாகச் சர்க்கரையைக் குறைப்பதில்லை, கணையத்திலிருந்து இன்சுலினை வெளியே வரவைக்கிறது. 1950களின் நடுவில் இந்தக் குடும்பத்தின் முதல் நீரிழிவு மாத்திரைகள் கடைக்கு வந்தன. இன்று நம் வீடுகளில் ‘சுகர் மாத்திரை’ என்று இருக்கும் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு எல்லாம் அவற்றின் வாரிசுகள். சல்போனைல்யூரியா என்பது குடும்பப் பெயர்.

லோ சுகர் என்பதை இந்த மாத்திரையின் பக்கவிளைவு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல் பொருத்தமாகத் தெரியவில்லை. மருந்து கண்டுபிடிக்கப்பட்டதே அந்த விளைவால்தான். சாப்பிட்ட வேளையில் நன்மை செய்யும் அதே வேலை, சாப்பிடாத வேளையில் ஆபத்தாகிறது. எப்படி என்று புரிய, கணையத்தின் பீட்டா செல்லுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற அளவில் இன்சுலினை விடுவதுதான் பீட்டா செல்லின் வேலை. அதன் மேற்சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் நுண்ணிய வாசல்கள் உண்டு. செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. நாம் வெறும் வயிற்றோடு இருக்கும்போது இந்த வாசல்களில் பல திறந்திருக்கும். நேர்மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் செல்லின் உட்புறம் எதிர்மின்னேற்றத்தில், சுமார் 70 மில்லிவோல்ட் அளவில், அமைதியாக இருக்கும். அந்த அமைதி நீடிக்கும்வரை இன்சுலின் அதிகம் வெளியே வராது.

சாப்பிட்டதும் சர்க்கரை செல்லுக்குள் நுழைகிறது. செல் அதை எரித்து, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கிறது. சர்க்கரை கூடக் கூட ஏடிபியும் கூடுகிறது. அந்த ஏடிபி பொட்டாசிய வாசலில் போய் ஒட்டி அதை மூடுகிறது. கசிவு நின்றதும் செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றத்தை உணர்ந்து திறக்கும் வேறொரு வகை வாசல்கள் வழியாகக் கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் வந்ததும், இன்சுலினை நிரப்பிக்கொண்டு காத்திருக்கும் சிறு பைகள் சவ்வோடு இணைந்து, உள்ளே உள்ளதை ரத்தத்தில் கொட்டிவிடுகின்றன.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் ரசிப்பது, நிறுத்தும் வேலையும் இதற்குள்ளேயே இருப்பதுதான். சர்க்கரை இறங்கினால் ஏடிபி குறையும், வாசல் மறுபடி திறக்கும், இன்சுலின் அடங்கும். சர்க்கரை இறங்கும்போது உடம்பு செய்யும் முதல் தற்காப்பே இன்சுலினைக் குறைப்பதுதான். 80 மில்லிகிராமை ஒட்டி வரும்போதே அது தொடங்கிவிடுகிறது. நாம் எதையும் உணர்வதற்கு முன்பே கணையம் கையைச் சுருக்கிக்கொள்கிறது.

சல்போனைல்யூரியா மாத்திரை தலையிடுவது இங்கேதான். பொட்டாசிய வாசல் எட்டுத் துண்டுகளால் ஆனது. நடுவே துளையை அமைக்கும் நான்கு புரதங்கள். அவற்றைச் சுற்றிக் கட்டுப்படுத்தும் நான்கு புரதங்கள். ஏடிபி வந்து வாசலை மூடுவது நடுவில் உள்ள புரதத்தில் ஒட்டி. மாத்திரை ஒட்டுவதோ சுற்றியுள்ள புரதத்தில். இடம் வேறு, விளைவு ஒன்று: வாசல் மூடுகிறது. சர்க்கரை வந்ததா, அது எரிந்ததா, ஏடிபி கூடியதா என்ற கேள்வி எதுவும் மாத்திரைக்கு இல்லை. மூடிய வாசலைக் கண்ட செல், சர்க்கரை வந்துவிட்டதாக நினைத்து இன்சுலினை விடுகிறது. சர்க்கரை குறையும்போது சுரப்பு ஓரளவு தணியும் என்பது உண்மைதான். ஆனால் அடங்கவேண்டிய அளவுக்கு அடங்குவதில்லை.

வாசலை மூடுவது உண்மையில் மாத்திரைதானா என்ற சந்தேகத்துக்கு அழகான பதில் 2000களில் கிடைத்தது. பிறந்து ஆறு மாதத்துக்குள்ளேயே சில குழந்தைகளுக்கு நீரிழிவு வந்துவிடுகிறது. அவர்களில் பலருக்கு வாசலின் நடுப்புரதத்தை உருவாக்கும் மரபணுவில் பிழை இருப்பது 2004இல் தெரியவந்தது. ஏடிபி எவ்வளவு கூடினாலும் அந்த வாசல் மூடாது. கணையத்தில் இன்சுலின் தயாராக இருந்தும் வெளியே வர வழியில்லை. வாழ்நாள் முழுக்க ஊசி. இங்கிலாந்தின் எக்ஸிடரில் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி குழுவினர், ஏடிபியால் மூட முடியாததை மாத்திரையால் மூடலாமே என்று யோசித்தார்கள். 2006இல் வெளியான ஆய்வில், இத்தகைய 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறினார்கள். ஆறு மாதத்துக்குள் நீரிழிவு கண்ட குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். ஊசியோடு வளரவேண்டிய பிள்ளை மாத்திரையோடு வளரலாம்.

இப்போது பெரியவர்கள் பக்கம் வருவோம். அவசரப் பிரிவு மருத்துவர்களுக்குப் பழகிப்போன ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 74 வயது. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. அரை டம்ளர் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. “சாப்பிடாட்டியும் சுகர் மாத்திரையை மட்டும் விட்டுடக் கூடாது” என்று மனைவி வேளை தவறாமல் கொடுக்கிறார். மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் பார்த்தால் பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, மகனைப் பார்த்து யாரென்று கேட்கிறார். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் 41. சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிறார்கள். அரை மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறார். மீட்டர் 98 காட்டுகிறது. “அதான் ஏறிடுச்சே, படுங்கப்பா” என்கிறான் மகன். எட்டு மணிக்கு எழுப்பினால் எழவில்லை. இப்போது 46.

இரண்டாவது முறை ஏன் இறங்கியது? கொடுத்த சர்க்கரை சில மணி நேரத்தில் தீர்ந்துபோனது, மாத்திரை தீரவில்லை. வயிற்றுப்போக்கில் உடம்பின் நீர் வற்றி, சிறுநீரகத்தின் வேலை மந்தமாகியிருந்தது. இந்த மாத்திரைகளைக் கல்லீரல் உடைத்தாலும், உடைந்த துண்டுகளில் சில இன்னும் செயல்படக்கூடியவை. அவற்றைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். வெளியேறாவிட்டால் வாசல்கள் மூடியே கிடக்கும். கிளிபென்கிளமைடில் இந்தத் தொல்லை அதிகம் என்பதால்தான் வயதானவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஏற்றிய குளுக்கோஸையும் பீட்டா செல் சும்மா விடாது. அதைக் கண்டு இன்னும் கொஞ்சம் இன்சுலினை விடும். அதனால் மருத்துவமனையில் குளுக்கோஸ் டிரிப்போடு நிறுத்தாமல், மறுபடி மறுபடி இறங்கினால் ஆக்ட்ரியோடைடு என்ற ஊசியைப் போட்டு இன்சுலின் சுரப்பையே அடக்குவார்கள். ஒருநாளோ அதற்கு மேலோ படுக்கையில் வைத்திருப்பது பில்லை ஏற்றுவதற்காக அல்ல.

வீட்டில் இதை அடையாளம் காண்பது எப்போதும் எளிதல்ல. வியர்வை, படபடப்பு, நடுக்கம், பசி ஆகியவை முதலில் வரும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும். முதியவர்களுக்கு நேரடியாகக் குழப்பமும் தடுமாற்றமும் வந்து, பக்கவாதமோ என்று வீடு பதறும். எதுவாக இருந்தாலும் முதலில் மீட்டரை எடுங்கள். 70க்குக் கீழே என்றால் செயல்பட வேண்டும். 54க்குக் கீழே என்றால் ஆபத்து. விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறியதும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சடைக்கும்.

குளுக்கோஸ் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பலருடைய மாத்திரையில் வோக்லிபோஸ் என்ற மூன்றாவது மருந்தும் சேர்ந்திருக்கும். சமையலறைச் சர்க்கரை குடலில் உடைவதை அது தாமதப்படுத்தும். அவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் மெதுவாகத்தான் வேலை செய்யும். மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடி உடைய வேண்டிய அவசியமே இல்லாதது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த மாத்திரைகளை மோசமானவை என்று நான் சொல்லமாட்டேன். விலை குறைவு, சர்க்கரையை நன்றாகக் குறைக்கும். 2019இல் வெளியான கரோலினா என்ற ஆய்வு, ஆறாயிரம் பேரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, கிளிமிபிரைடையும் லினாகிளிப்டின் என்ற புதிய மாத்திரையையும் ஒப்பிட்டது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் லோ சுகர் வந்தவர்கள் லினாகிளிப்டின் பக்கம் சுமார் 11 சதவீதம். கிளிமிபிரைடு பக்கம் சுமார் 38 சதவீதம். குறைந்த விலைக்கு நாம் வாங்கிக்கொள்ளும் ஆபத்தின் அளவு இதுதான். வேளைக்குச் சாப்பிடும், சிறுநீரகம் நன்றாக இருக்கும் நடுவயதுக்காரருக்கு அது தாங்கக்கூடியது. தனியாக வசிக்கும், பாதி நாள் சரியாகச் சாப்பிடாத எண்பது வயதுக்காரருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

அதனால் வீட்டில் உள்ள மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள். ‘கிளி’ என்று தொடங்கும் நான்கில் ஒன்று இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சாப்பிட முடியாத நாளில் இந்த மாத்திரையை என்ன செய்ய வேண்டும்? புதிதாக ஆன்டிபயாடிக்கோ பூஞ்சை மருந்தோ எழுதினால் இதன் அளவை மாற்ற வேண்டுமா? கோ-ட்ரைமாக்சசோலும் ஃப்ளூகோனசோலும் இந்த மாத்திரையின் வேலையைக் கூட்டிவிடும். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மருத்துவர் சொல்லும் பதிலை அட்டையின் பின்புறத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கேட்டுக்கொள்ள யாரும் கிடைக்கமாட்டார்கள்.