டயாலிசிஸ்: ஒரு மாதத்தின் முழுக் கணக்கு

சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு மருத்துவர் டயாலிசிஸ் பரிந்துரைக்கும்போது, குடும்பத்தார் முதலில் கேட்பது, "ஒரு முறைக்கு எவ்வளவு ஆகும்?" என்பதே. மருத்துவமனை ஒரு தொகையைச் சொல்கிறது. வாரம் மூன்று முறை, மாதம் பன்னிரண்டு முறை என்று பெருக்கி, மாதச் செலவு இவ்வளவுதான் என்று குடும்பம் முடிவு செய்கிறது. சில மாதங்களில் சேமிப்பு கரைந்து, நகைக் கடனுக்காக வங்கிக்கு வரும்போதுதான், அந்தக் கணக்கில் பாதிக்கு மேல் விடுபட்டிருந்தது தெரியவருகிறது.

விடுபட்டவற்றை எல்லாம் சேர்த்து ஒரு மாதக் கணக்கை எழுதுவது எப்படி என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் 2001 ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்ட பின், அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவும் வேலைக்கும் மருத்துவத்துக்கும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரையே நம்பியிருக்கின்றன. அவ்வூரில் 52 வயதான ஒருவர் எலக்ட்ரீஷியனாக நாளொன்றுக்கு 800 ரூபாய் ஈட்டுகிறார் என்றும், அவர் மனைவி ஒரு தையல் கடையில் 450 ரூபாய் பெறுகிறார் என்றும் கொள்வோம். இருவருக்கும் மாதம் 26 வேலை நாட்கள். மொத்த வருமானம் 32,500 ரூபாய். கணவர் பெங்களூரில் உள்ள தனியார் மருத்துவமனைக்கு வாரம் மூன்று முறை செல்கிறார். கீழ்க்காணும் விலைகள் யாவும் கணக்கிடும் முறையை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. கட்டணங்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், வாசகர்கள் தங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் இட்டுக்கொள்ளலாம்.

மாதத்திற்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று

ஆண்டுக்கு 52 வாரங்கள். வாரம் மூன்று முறை என்றால் 156 முறை; அதைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதத்திற்கு 13 முறை. பன்னிரண்டு என்று கணக்கிடுபவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறைக்கான பணத்தை ஒதுக்காமலே விட்டுவிடுகிறார்.

ஒரு முறைக்கான கட்டணம் 1,800 ரூபாய் என்றால், 13 முறைக்கு 23,400 ரூபாய். இந்தக் கட்டணத்தில் எவை அடங்கும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. இரத்தத்தை வடிகட்டும் டயாலைசரும் இரத்தக் குழாய்களும் சில இடங்களில் கட்டணத்தில் அடங்கும். சில இடங்களில் தனி. பல மையங்களில் ஒரு நோயாளியின் டயாலைசரைச் சுத்தம் செய்து அதே நோயாளிக்கே மீண்டும் சில முறை பயன்படுத்துகிறார்கள். மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி அல்லது சி உள்ளவர்களுக்கு ஒவ்வொரு முறையும் புதியதே வேண்டும் என்று மையம் கூறினால், இந்தச் செலவு பல மடங்காகும். நம் உதாரணத்தில் மாதம் இரண்டு செட், செட் ஒன்றுக்கு 1,200 ரூபாய் எனக் கொண்டால் 2,400 ரூபாய். ஆக, மருத்துவமனை ரசீதின்படி மாதச் செலவு 25,800 ரூபாய்.

அடுத்தது மருந்து. சிறுநீரகம் பழுதடையும்போது, இரத்த அணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோன் போதிய அளவில் சுரப்பதில்லை. ஆகவே இரத்தசோகைக்காக அதனை ஊசியாகப் போட வேண்டியுள்ளது. வாரம் இரண்டு ஊசி வீதம் மாதம் ஒன்பது. ஊசி 500 ரூபாய் என்றால் 4,500 ரூபாய். இரும்புச்சத்து ஊசிக்கு 500 ரூபாய். உணவோடு உட்கொள்ளும் பாஸ்பரஸ் கட்டுப்பாட்டு மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றுக்கு 2,000 ரூபாய். மாதாந்திர இரத்தப் பரிசோதனைக்கு 1,000 ரூபாய். இவை சேர்ந்து 8,000 ரூபாய்.

ரசீது இல்லாத செலவுகள்

டயாலிசிஸ் ஒரு முறைக்கு நான்கு மணி நேரம் ஆகும். எடை பார்த்து, ஊசி பொருத்தி, முடிவில் ஊசி எடுத்த இடத்தில் இரத்தம் நிற்கும்வரை காத்திருந்து வெளியே வர ஐந்து மணி நேரத்திற்கு மேலாகும். பயணத்தையும் சேர்த்தால் ஒரு முழு நாள் கழிந்துவிடும். சிகிச்சை முடிந்தபின் இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றல் வரக்கூடும் என்பதால் நோயாளியைத் தனியே அனுப்பவும் இயலாது.

இருவருக்கும் ரயில், ஆட்டோ, உணவு ஆகியவற்றுக்கு ஒரு நாளைக்கு 650 ரூபாய் எனக் கொண்டால், மாதம் 8,450 ரூபாய். கணவர் இழக்கும் 13 நாள் கூலி 10,400 ரூபாய். களைப்பினால் மேலும் நான்கு நாட்கள் வேலைக்குச் செல்ல இயலவில்லை என்றால் 3,200 ரூபாய். உடன் செல்லும் மனைவி இழக்கும் 13 நாள் கூலி 5,850 ரூபாய். கூலி இழப்பு மட்டும் 19,450 ரூபாய்.

இப்போது கணக்கைத் தொகுப்போம்.

- மருத்துவமனைக் கட்டணமும் டயாலைசரும்: 25,800 ரூபாய்
- மருந்தும் பரிசோதனையும்: 8,000 ரூபாய்
- பயணமும் உணவும்: 8,450 ரூபாய்
- கூலி இழப்பு: 19,450 ரூபாய்
- மொத்தம்: 61,700 ரூபாய்

மருத்துவமனை ரசீதில் காணும் தொகை இதில் நூற்றுக்கு 42 பங்கே. ஒரு முறை டயாலிசிஸ் குடும்பத்திற்கு உண்மையில் 1,800 ரூபாய் ஆகவில்லை. ஏறத்தாழ 4,750 ரூபாய் ஆகிறது.

கூலி இழப்பை எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதைச் செலவாகக் காட்டினால், வருமானத்தை முழுமையாக 32,500 ரூபாய் என்றே எழுத வேண்டும். வருமானத்தைக் குறைத்து 13,050 ரூபாய் என்று எழுதினால், செலவுப் பக்கத்தில் கூலி இழப்பு வரக்கூடாது. கைவிட்டுச் செல்லும் 42,250 ரூபாய் மட்டுமே வரும். இரு பக்கமும் எழுதினால் ஒரே இழப்பு இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். எவ்வாறு எழுதினாலும், வீட்டுச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்கும் முன்பே இக்குடும்பத்திற்கு மாதம் 29,200 ரூபாய் பற்றாக்குறை.

காப்பீடு எந்த மாதத்தில் தீரும்?

டயாலிசிஸ் பொதுவாக 'டே கேர்' சிகிச்சையாகக் கருதப்படுவதால், 24 மணி நேரம் உள்நோயாளியாகத் தங்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்குப் பொருந்தாது. நம் குடும்பத்திடம் 3 லட்சம் ரூபாய்க்கான குடும்பப் பாலிசி இருக்கிறது. அதன் காத்திருப்புக் காலமும் முடிந்துவிட்டது எனக் கொள்வோம். கட்டணம், டயாலைசர், சிகிச்சையின்போது போடப்படும் ஊசிகள் ஆகிய 30,800 ரூபாயை மாதந்தோறும் காப்பீடு ஏற்கிறது. 3 லட்சத்தை 30,800 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒன்பது மாதங்கள் முழுமையாகக் கிடைக்கும். பத்தாவது மாதத்தின் இடையில் தொகை தீர்ந்துவிடும். ஆண்டின் மொத்தக் குறைவு 69,600 ரூபாய். பாலிசி தொடங்கும் மாதத்திலிருந்தே தனிச் சேமிப்புக் கணக்கில் மாதம் 5,800 ரூபாய் ஒதுக்கினால், அந்தக் கடைசி மாதங்களை ஈடுகட்ட அது சரியாகப் போதும்.

இந்த வகுத்தலைச் செய்யும் முன் பாலிசியில் மூன்று இடங்களைப் படிக்க வேண்டும். முதலாவது, ஒரு முறை டயாலிசிஸுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு உண்டா என்பது. இரண்டாவது, ஒவ்வொரு ரசீதிலும் நாம் ஏற்க வேண்டிய விழுக்காடு உண்டா என்பது. மூன்றாவது, தீர்ந்த தொகையை மீண்டும் நிரப்பும் வசதி இருந்தால், அது அதே நோய்க்கும் பொருந்துமா என்பது. சில பாலிசிகளில் பொருந்துவதில்லை. குடும்பப் பாலிசியாயின், வேறொருவர் மருத்துவமனையில் சேர நேர்ந்தாலும் இதே 3 லட்சத்திலிருந்துதான் தொகை குறையும். பாலிசியைப் புதுப்பிக்கத் தவறுவது எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. புதிதாக எடுக்கும் பாலிசியில், முன்பே உள்ள நோய்க்கு 36 மாதங்கள் வரை காத்திருக்கும்படி நிறுவனம் விதிக்க முடியும்.

எங்கே செல்வது என்ற முடிவு

முழுக் கணக்கு கையில் இருந்தால் முடிவுகள் மாறும். தங்கவயலிலேயே ஒரு மையம் இருந்து, அங்கு கட்டணம் 2,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரசீதை மட்டும் பார்த்தால் மாதம் 5,200 ரூபாய் கூடுதல். ஆனால் போக்குவரத்து ஒரு முறைக்கு 200 ரூபாயில் முடிகிறது. காலை முதல் ஷிப்டில் இடம் கிடைத்தால் இருவருக்கும் அரை நாள் கூலியே இழப்பு. அவ்வாறெனில் கட்டணமும் டயாலைசரும் 31,000, மருந்து 8,000, பயணம் 2,600, கூலி இழப்பு 11,325. மொத்தம் 52,925 ரூபாய். கட்டணம் அதிகமான மையம் மாதத்திற்கு 8,775 ரூபாய் மலிவாக முடிகிறது. காப்பீடு ஒன்பதாவது மாதத்திலேயே தீர்ந்துவிடும் என்பது உண்மைதான். எனினும் எங்கு சென்றாலும் காப்பீடு தருவது 3 லட்சமே என்பதால், ஆண்டுக்கு மிச்சமாகும் 1,05,300 ரூபாயும் குடும்பத்துக்கே சேரும்.

அரசு வழிகளையும் இதே முறையில் எடைபோடலாம். 2016 இல் தொடங்கிய பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டத்தின்கீழ், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு மாவட்ட மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவப் பாதுகாப்பு உண்டு. 2024 முதல் 70 வயது நிறைந்தோர் வருமான வரம்பின்றி இதில் சேரலாம். உள்ளூரிலேயே கட்டணமின்றிச் சிகிச்சை கிடைத்தாலும், மருந்தை வெளியில் வாங்க நேர்ந்தால் நம் குடும்பத்திற்கு மாதம் 21,925 ரூபாய் இருக்கவே செய்யும். இலவசம் என்றாலும் ஒதுக்கீடு தேவை என்பதை இது காட்டுகிறது.

சிறு சலுகைகள் இரண்டு உண்டு. டயாலிசிஸுக்காகப் பயணம் செய்யும் சிறுநீரக நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும், உரிய மருத்துவச் சான்றிதழின் பேரில், இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி உள்ளிட்ட வகுப்புகளில் ரயில் கட்டணத்தில் 75 விழுக்காடு சலுகை கிடைக்கும். வருமான வரி செலுத்துவோர், பழைய வரி முறையில் இருந்தால், வருமான வரிச் சட்டம் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கான செலவில் 40,000 ரூபாய் வரையும், நோயாளி மூத்த குடிமகனாயின் ஒரு லட்சம் ரூபாய் வரையும் கழிவு அனுமதிக்கிறது. காப்பீட்டில் திரும்பப் பெற்ற தொகையை அதிலிருந்து குறைத்துவிட வேண்டும்.

பணம் குறையும் மாதத்தில் சில குடும்பங்கள் வாரம் மூன்றை இரண்டாகக் குறைத்துக்கொள்கின்றன. மருத்துவர் சொல்லாமல் இதைச் செய்யலாகாது. விடுபட்ட முறையில் வெளியேற வேண்டிய நீர் உடலில் தேங்கி மூச்சுத்திணறலாகும். பொட்டாசியம் உயர்ந்தால் இதயத் துடிப்பே நின்றுபோகக்கூடும். அவசர சிகிச்சைப் பிரிவில் ஓரிரு நாட்கள் தங்க நேர்ந்தால், மிச்சம் பிடித்த 1,800 ரூபாயைப் போலப் பல மடங்கு அதே காப்பீட்டுத் தொகையிலிருந்து போய்விடும். சிகிச்சையைக் குறைக்காமல் செலவைக் குறைக்கக்கூடிய இடங்கள் தொலைவும் ஷிப்டு நேரமுமே. ஆகவே மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு தாளில் நான்கு வரிகளை எழுதுங்கள்: கட்டணம், மருந்து, பயணம், இருவரின் கூலி. நான்கையும் கூட்டிப் பதின்மூன்றால் வகுத்தால் வருவதே ஒரு முறைக்கான உண்மை விலை. இரண்டு மையங்களை ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைக் கொண்டுதான்.