ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

ஆஸ்பத்திரியில் "குளுக்கோஸ் ஏத்துறாங்க" என்கிறோமே, அந்தப் பாட்டிலுக்கு அருகே நிற்கும் நர்ஸ், டியூபின் மேற்பகுதியில் உள்ள சொட்டு அறையையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழ வேண்டும் என்ற கணக்கு அது. ஸ்டாஃப் நர்ஸ் தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வியும் அதுதான்.

டாக்டர் எழுதுவது இவ்வளவுதான்: நார்மல் சலைன் 1000 மில்லி, 8 மணி நேரம். சொட்டைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. காரணம், சொட்டின் அளவு மருந்தில் இல்லை, ஐவி செட்டில் இருக்கிறது. ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது செட்டின் உறை மேலேயே அச்சாகியிருக்கும். பெரியவர்களுக்கான செட்டுகளில் அது 10, 15 அல்லது 20. குழந்தைகளுக்குப் பயன்படும் மைக்ரோ செட்டில் 60.

கணக்கு எளிது. மில்லி அளவைச் சொட்டு எண்ணால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 8 மணி நேரம் என்பது 480 நிமிடம். 20 சொட்டு செட் என்றால் 1000 × 20 ÷ 480 = 41.67. அரைச் சொட்டு, முக்கால் சொட்டு என்று எண்ண முடியாது என்பதால் விடை 42. மணியை நிமிடமாக்க மறந்தால் 2500 என்று வரும். குழாயைத் திறந்துவிட்டது போன்ற அந்த எண்ணை யாரும் நம்பமாட்டார்கள், அதனால் அந்தத் தவறில் ஆபத்து குறைவு.

நம்பும்படியான தவறுதான் மோசம். அதே 1000 மில்லிக்கு 15 சொட்டு செட்டில் விடை 31, மைக்ரோ செட்டில் 125. மூன்றுமே ஒழுங்கான விடைகளாகத் தெரியும், கேள்வித்தாளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் இருக்கும். மைக்ரோவுக்கான 125-ஐ 20 சொட்டு செட்டில் வைத்தால் மணிக்கு 375 மில்லி ஓடி, 8 மணி நேரப் பாட்டில் 2 மணி 40 நிமிடத்தில் காலி. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். ஆகவே, கேள்வியில் முதலில் தேட வேண்டியது செட்டின் எண்ணை.

வார்டில் ஒரு நிமிடம் முழுக்க எண்ணாமல் 15 விநாடி மட்டும் எண்ணுபவர்களும் உண்டு. 42-க்குப் பத்து அல்லது பதினொன்று சொட்டு விழுந்தால் சரி. ஆனால் நோயாளி கையை மடக்கினாலோ, கட்டிலின் உயரம் மாறினாலோ வேகமும் மாறிவிடும்.

தேர்வில் இதையும் கேட்பார்கள்: நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 600 மில்லி மிச்சம், இனி என்ன வேகம்? மிச்சமுள்ள அளவையும் நேரத்தையும் வைத்துப் புதிதாகப் போட வேண்டும். 600 × 20 ÷ 240 = 50. தாளில் அதை எழுதலாம். வார்டில், பின்தங்கியதை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டும் முன் நோயாளியைப் பார்த்து, டாக்டரிடம் கேட்டுக்கொள்வதே வழக்கம்.