புள்ளி முதலில், பெரிய எழுத்து பிறகு

"அண்ணா பணம் போட்டாச்சு நாளைக்கு லோடு வரும் வண்டி நம்பர் அனுப்புறேன்."

வியாபாரிகளின் வாட்ஸ்அப்பில் தினமும் ஓடும் செய்திகள் இந்த மாதிரிதான் இருக்கும். படித்தவுடன் புரிந்தது போலத் தோன்றும். ஆனால் நாளைக்கு வரப்போவது லோடா, வண்டி நம்பரா? "நாளைக்கு லோடு வரும்" என்று அங்கே நிறுத்தினால் சரக்கு நாளை வந்து சேர்கிறது, நம்பர் இப்போதே வரும். நிறுத்தாமல் "லோடு வரும் வண்டி" என்று சேர்த்துப் படித்தால், லோடு ஏறி வருகிற வண்டியின் நம்பரைத்தான் நாளைக்கு அனுப்பப்போகிறார். லோடு என்றைக்கு வரும் என்று அவர் சொல்லவே இல்லை. குடோனைத் திறந்து வைத்து ஆள் நிறுத்துவதா வேண்டாமா என்பது ஒரு புள்ளியில் தொங்குகிறது.

தமிழில் இந்தக் குழப்பம் எல்லா இடத்திலும் வராது. நம் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடிகிறது. "போட்டாச்சு", "வரவில்லை", "சொல்லிட்டேன்" என்ற சொல் வந்ததுமே முடிந்துவிட்டது என்று காதுக்குத் தெரிந்துவிடும். புள்ளி இல்லாவிட்டாலும் வினைமுற்றே புள்ளியின் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. "வரும்", "போகும்", "கிடைக்கும்" போன்ற சொற்களில்தான் சிக்கல். அவை வாக்கியத்தை முடிக்கவும் செய்யும், "வரும் வண்டி", "கிடைக்கும் விலை" என்று அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அவசரத் தமிழில் புள்ளி கட்டாயம் வேண்டிய இடம் இதுதான்.

ஏட்டுச்சுவடிகளில் இன்றைய நிறுத்தக்குறிகள் கிடையாது. செய்யுளில் சீரும் அடியும் எல்லையைக் காட்டின. அச்சும் உரைநடையும் பரவிய பிறகு அந்த உதவி இல்லாமல் போனது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் நிறுத்தக்குறிகளைத் தொடர்ந்து கையாண்டார். தமிழ் உரைநடையில் அவை நிலைத்ததற்கு அவருடைய பங்கு பெரிது என்பார்கள்.

ஆங்கிலத்தில் ஏன் அதிகம் குழம்புகிறது?

அலுவலக வேலையில் நம்மில் பலர் அவசரமாக எழுதுவது ஆங்கிலத்தில். அங்கே வினைச்சொல் வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது. அதற்குப் பிறகு இடம், காலம், காரணம் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கலாம். ஒரு வாக்கியம் எங்கே முடிந்தது என்று சொல்ல, புள்ளியையும் அடுத்து வரும் பெரிய எழுத்தையும் விட்டால் வேறு அடையாளம் குறைவு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. அதனால் அந்த அடையாளம் காணாமல் போனாலும் நம் கண்ணுக்கு உறுத்துவதில்லை.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து வெளிநாட்டு பையருக்கு இப்படி ஒரு செய்தி போகிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
hi i checked with the dyer they said the fabric
is not ready because of the power cut on monday
i will send the samples
```

மொத்தம் 25 சொற்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் `on monday` என்பது யாருக்குச் சொந்தம்? முன்னால் சேர்த்தால், திங்கள்கிழமை கரன்ட் போனதால் துணி தயாராகவில்லை. சாம்பிள் என்றைக்கு என்று தேதி இல்லை. பின்னால் சேர்த்தால், கரன்ட் என்றைக்குப் போனதோ தெரியாது. சாம்பிள் திங்கள்கிழமை கிளம்புகிறது. பையர் இரண்டாவது விதமாகப் படித்துவிட்டுத் திங்கள்கிழமை காத்திருந்தால், செவ்வாய்க்கிழமை காலையில் வரும் கோபமான மெயிலுக்கு இந்தப் பக்கத்தில் யாருக்கும் காரணம் புரியாது.

திருத்தும் முறை

இப்படிப்பட்ட செய்தியைத் திருத்த உட்காருகிறவர்கள் பலர் வாக்கியத்தையே மாற்றி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். `checked` கூடாது, `enquired` போடு. `hi` வேண்டாம், `Dear Sir` போடு என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்கு நேரமும் ஆகும், எழுதியவர் சொல்லாத ஒன்று உள்ளே நுழையவும் வாய்ப்புண்டு. குறைந்தபட்சத் திருத்தம் வேறு. ஒரு சொல்லைக்கூட மாற்றுவதில்லை, இடம் மாற்றுவதில்லை, சேர்ப்பதில்லை. புள்ளியும் பெரிய எழுத்தும் மட்டும்தான்.

அதிலும் புள்ளிதான் முதலில். மனதுக்குள் வாய்விட்டுப் படியுங்கள். `because`, `and`, `but`, `that` போன்ற இணைப்பு எதுவும் இல்லாமல் புதிதாக ஒரு ஆள் செயலைத் தொடங்கும் இடத்தில் புள்ளி வரும். மேலே உள்ள செய்தியில் `they said` என்ற இடத்தில் இணைப்பு இல்லை, ஆள் மாறுகிறார். அதற்கு முன்னால் ஒரு புள்ளி. `they said the fabric is not ready` என்பதில் உள்ளே இன்னொரு வினை வந்தாலும், அது அவர்கள் சொன்னதன் உள்ளடக்கம். அங்கே வெட்டக் கூடாது. `because` இணைப்பு, அங்கேயும் வெட்ட வேண்டாம். அடுத்து `i will send`. புது ஆள், புது வினை. இங்கேதான் `on monday` வழிமறிக்கிறது: புள்ளி அதற்கு முன்னாலா, பின்னாலா?

இந்தக் கேள்விக்கு இலக்கணம் பதில் சொல்லாது. எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். நீங்களே எழுதியவர் என்றால் கவலை இல்லை. வேறொருவர் எழுதியதைத் திருத்துகிறீர்கள் என்றால் ஊகித்துப் புள்ளி வைக்காதீர்கள், கேட்டுவிடுங்கள். தவறான இடத்தில் வைத்த புள்ளி, புள்ளியே இல்லாததைவிட மோசம். முன்பு சந்தேகமாவது இருந்தது. இப்போது தவறு உறுதியான தகவலாகிவிடும்.

சாம்பிள்தான் திங்கள்கிழமை என்று தெரிந்துவிட்டது என்றால், அடுத்தது பெரிய எழுத்து. அதற்கு முக்கியமாக மூன்று இடங்கள்: வாக்கியத்தின் முதல் எழுத்து, 'நான்' என்ற பொருளில் தனியாக நிற்கும் `I`, ஆள், ஊர், நிறுவனம், கிழமை, மாதம் ஆகியவற்றின் பெயர். திருத்திய செய்தி:

```
Hi. I checked with the dyer. They said the fabric
is not ready because of the power cut. On Monday
I will send the samples
```

மூன்று புள்ளி, ஆறு பெரிய எழுத்து. 25 சொற்களும் அப்படியே இருக்கின்றன. பெரிய எழுத்துகளில் இரண்டு, புள்ளி விழுந்த பிறகுதான் எங்கே வர வேண்டும் என்று தெரிந்தது. புள்ளியை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான். பெயர்களுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். வெளிநாட்டு பையர்களோடு பேசும்போது `send bill to mark` என்று எழுதினால், மார்க் என்பவருக்கு பில்லை அனுப்பச் சொல்கிறீர்களா, குறியிட பில் என்பவரை அனுப்பச் சொல்கிறீர்களா என்று தெரியாது. எது பெரிய எழுத்தில் தொடங்குகிறதோ அதுதான் ஆள்.

கடைசிப் புள்ளி எங்கே போயிற்று?

திருத்திய செய்தியின் இறுதியில் புள்ளி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது மறதி அல்ல. செய்தியின் கட்டம் முடியும் இடமே வாக்கியம் முடிந்ததைக் காட்டிவிடுகிறது. அங்கே புள்ளி வைத்தால் தகவல் எதுவும் கூடுவதில்லை. சில சமயம் தொனிதான் கெடுகிறது.

அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் சீலியா கிளின் தலைமையிலான குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. 126 மாணவர்களிடம் சிறு உரையாடல்களைக் காட்டினார்கள். ஒரு அழைப்பு, அதற்கு 'சரி' என்பது போல ஒரே சொல்லில் பதில். பதில் செல்போன் செய்தியாக இருந்து, முடிவில் புள்ளியும் இருந்தால், மாணவர்கள் அதை மனப்பூர்வம் குறைந்த பதிலாக எடுத்துக்கொண்டார்கள். அதே பதிலைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே வாட்ஸ்அப்பில் வாக்கியங்களுக்கு நடுவில் வரும் புள்ளி கட்டாயம். கடைசிப் புள்ளி உங்கள் விருப்பம். மெயில், கடிதம், விண்ணப்பம் என்றால் கடைசிப் புள்ளியும் கட்டாயம்.

போன் செய்வதும் செய்யாததும்

இந்த வேலையில் ஒரு பகுதியைப் போனே செய்யும். ஐபோனில் கீபோர்டு அமைப்புகளில் `Auto-Capitalization` என்றும் `"." Shortcut` என்றும் இரண்டு சுவிட்சுகள் உண்டு. இரண்டையும் போட்டுவைத்தால், ஸ்பேஸ் பட்டனை இரண்டு முறை தட்டியதும் ஒரு புள்ளியும் ஒரு இடைவெளியும் விழும், அடுத்த எழுத்து தானாகப் பெரியதாகும். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு கீபோர்டிலும் இதே வசதி இருக்கிறது. ஆனால் புள்ளியை எங்கே வைப்பது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். புள்ளி இல்லாமல் ஓட்டினால், போன் செய்தியின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கிவிட்டு அடுத்த வாக்கியங்களை விட்டுவிடும். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து தட்டும்போது இந்த உதவியை எதிர்பார்க்க முடியாது. எல்லாமே சிறிய எழுத்தில் வரும் செய்திகள் அலுவலக நேரத்தில் அதிகம் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரட்டைத் தட்டலுக்கு இன்னொரு பயனும் உண்டு. புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் `not paid.in the evening` என்று தட்டினால், `paid.in` என்பது நீல நிறத்தில் இணைப்பாக மாறிவிடலாம். `.in` இந்திய இணையதளங்களின் முகவரி முடிவு என்பதால் அதை ஒரு தளம் என்று செயலி நினைத்துக்கொள்ளும். பணம் சம்பந்தமான செய்தியில் அறியாத இணைப்பைப் பார்த்தால் எதிர்முனையில் இருப்பவர் பயந்துபோவார். புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி விட்டால் போதும், இது நடக்காது.

"சாப்பிட்டாச்சா", "கிளம்பிட்டேன்" என்று வீட்டுக்கு அனுப்பும் செய்திக்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. தேதி, தொகை, இடம், ஆள் பெயர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று செய்தியில் இருந்தால் மட்டும், அனுப்பும் பட்டனை அழுத்தும் முன் ஒரு முறை படியுங்கள். அந்தத் தேதியும் தொகையும் எந்த வாக்கியத்துக்குச் சொந்தம் என்று பார்த்து, அங்கே ஒரு புள்ளியை வைத்துவிட்டு அனுப்புங்கள். மற்றத் திருத்தங்கள் எல்லாம் காத்திருக்கலாம்.