எத்தனை முறை அழித்து எழுதலாம்?

2021 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. மோட்டாரிலோ பிரேக்கிலோ கோளாறு இல்லை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய தொடுதிரைக்குப் பின்னால் ஒரு கணினி உண்டு. அதிலிருந்த 8 ஜிபி ஃபிளாஷ் நினைவகம் தேய்ந்துகொண்டிருந்தது. அது தேய்ந்து முடிந்தால் திரை இருண்டுவிடும், பின்புறக் கேமராவின் படம் வராது, கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் வசதியைக்கூட இயக்க முடியாது.

அந்த ஃபிளாஷின் ஒவ்வொரு பகுதியையும் சுமார் 3,000 முறை அழித்து எழுதலாம். அதிகம் ஓடும் காரில் ஒரு பகுதி நாளொன்றுக்கு 1.4 முறை அழித்தெழுதப்படுவதாக வைத்தால், 3,000ஐ 1.4ஆல் வகுக்க 2,140 நாள் சொச்சம் வரும். ஆறு ஆண்டுகூட இல்லை. ஃபோனுக்கு அது போதுமான ஆயுள். காருக்குப் போதாது.

காரிலும் வாஷிங் மெஷினிலும் மின்மீட்டரிலும் உள்ளே உட்கார்ந்திருக்கும் கணினிகளுக்கு நினைவகம் தேர்ந்தெடுப்பவர்கள் விலை, வேகம், எத்தனை முறை எழுதலாம், மின்சாரம் போனபின் எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற நான்கையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நான்கிலும் முதலிடம் பிடிக்கும் நினைவகம் எதுவும் இல்லை. அதனால்தான் ஒரே கருவிக்குள் இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்து வைக்கிறார்கள்.

ஆர்டுயினோ ஊனோ பலகையில் இருக்கும் ஏடிமெகா328பி என்ற சிப்பை எடுத்துக்கொள்வோம். கல்லூரி மாணவர்கள் பலருக்குப் பழக்கமானது. அதற்குள் 32 கேபி ஃபிளாஷ், 2 கேபி எஸ்ரேம், 1 கேபி ஈஈப்ராம் மூன்றும் உண்டு. டிரேம் மட்டும் இல்லை.

எஸ்ரேம்தான் வேலைநேர நினைவகம். ஒவ்வொரு பிட்டுக்கும் வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர்கள் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தியிருக்கும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இந்தச் சிப் ஒரு பைட்டை அதிலிருந்து எடுக்க இரண்டு துடிப்பு, அதாவது 125 நானோவினாடி போதும். எத்தனை கோடி முறை எழுதினாலும் தேயாது. ஆனால் மின்சாரம் போன அடுத்த நொடி உள்ளே இருந்தது போய்விடும். ஆறு டிரான்சிஸ்டர் என்றால் சிலிக்கனில் அவ்வளவு இடம், இடம் என்றால் விலை. அதனால்தான் வெறும் 2 கேபி.

டிரேமில் ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியும் போதும். ஐபிஎம்மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டின் யோசனை அது. 1968இல் காப்புரிமை கிடைத்தது. இடம் குறைவதால் ஒரு பிட்டின் விலையும் வெகுவாகக் குறைகிறது. ஆனால் அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம் மாதிரி. மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும், பொதுவாக 64 மில்லிவினாடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை படித்துத் திரும்ப நிரப்பியாக வேண்டும். அதற்குத் தனிச் சுற்று வேண்டும், ஓயாமல் மின்சாரமும் செலவாகும். படம் காட்டும் தொடுதிரைக் கணினிக்கு நூற்றுக்கணக்கான மெகாபைட் தேவை, அங்கே இந்தச் செலவு கட்டுப்படியாகும். 2 கேபி வேண்டிய இடத்தில் ஆகாது.

மின்சாரம் போனாலும் மறக்காதவை மற்ற இரண்டும். இரண்டிலும் சுற்றிலும் காப்புப் படலம் போர்த்திய ஒரு சிறு தீவுக்குள் எலெக்ட்ரான்களை உயர் மின்னழுத்தத்தால் தள்ளி அடைக்கிறார்கள். அடைத்தவை ஆண்டுக்கணக்கில் வெளியே வராது. ஆனால் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் படலம் கொஞ்சம் பழுதாகிறது. தேய்மானம் என்று சொல்வது இதைத்தான். படிப்பதால் இப்படித் தேய்வதில்லை; அழித்து எழுதுவதால்தான் தேய்கிறது.

ஈஈப்ராமில் ஒரு பைட்டை மட்டும் தனியாக அழித்து எழுதலாம். அதற்காகக் கூடுதல் டிரான்சிஸ்டர்கள் தேவைப்படுவதால் இடம் அதிகம், விலையும் அதிகம். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1984இல் அறிவித்த ஃபிளாஷில் அந்தக் கூடுதல் டிரான்சிஸ்டர் இல்லை. பதிலுக்கு, ஒரு பைட்டை மாற்ற வேண்டுமென்றால் அது இருக்கும் தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். நம் சிப்பில் ஒரு பக்கம் 128 பைட். ஃபிளாஷுக்கு 10,000 முறை, ஈஈப்ராமுக்கு 1,00,000 முறை என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எப்போதாவது மாறும் நிரல் ஃபிளாஷிலும், அடிக்கடி மாறும் சிறு தகவல்கள் ஈஈப்ராமிலும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு லட்சம் என்பது பெரிய எண் போலத் தோன்றும். இரவு பகலாக ஓடும் ஒரு மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்று எண்ணும் கருவியைச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையை ஈஈப்ராமின் ஒரே இடத்தில் எழுதினால் ஒரு லட்சம் நிமிடம் 69 நாளில் முடிந்துவிடும். `EEPROM.write()` என்பதற்குப் பதில் `EEPROM.update()` போட்டால் மாறாத பைட்டுகள் தப்பிக்கும். ஆனால் எண்ணின் கடைசி பைட் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் அது தப்பிக்காது. உத்தரவாதம் தாண்டியும் சில மாதங்கள் ஓடலாம், ஆனால் அதை நம்பி விற்க முடியாது.

வழி இருக்கிறது. எண்ணிக்கைக்கு நான்கு பைட், சரிபார்ப்புக்கு ஒரு பைட், கொஞ்சம் இடைவெளி என்று எட்டு பைட்டை ஓர் இடமாக ஒதுக்கினால் 1 கேபியில் 128 இடங்கள் கிடைக்கும். ஒவ்வொரு நிமிடமும் அடுத்த இடத்தில் எழுதிக்கொண்டு போய், கடைசியை அடைந்ததும் முதலுக்குத் திரும்ப வேண்டும். 69 நாள் இப்போது 128 மடங்காகி 24 ஆண்டாகிறது. கருவியை மறுபடி இயக்கும்போது, சரிபார்ப்பு பொருந்தும் இடங்களில் எந்த எண் பெரியதோ அதுவே கடைசி எண்ணிக்கை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஈஈப்ராமில் ஒரு பைட் எழுத சுமார் 3.4 மில்லிவினாடி ஆகும், எஸ்ரேமைவிட 27,000 மடங்கு மெதுவு. அந்த நேரத்தில் கரண்ட் போனால் பைட் பாதியில் நின்றுவிடும். ஒரே இடத்தில் எழுதியிருந்தால் மொத்தக் கணக்கும் போச்சு. சுற்றில் எழுதினால் அந்த ஒரு இடம்தான் சரிபார்ப்பில் தவறும், முந்தைய நிமிடத்தின் எண்ணிக்கை பத்திரமாக இருக்கும்.

எழுதுவதைக் குறைப்பது அதைவிட எளிது. நிமிடங்களை எஸ்ரேமில் எண்ணிக்கொண்டு மணிக்கு ஒருமுறை மட்டும் ஈஈப்ராமுக்கு மாற்றினால் ஒரே இடமே 11 ஆண்டு தாங்கும். கரண்ட் போனால் அதிகபட்சம் ஒரு மணி நேரக் கணக்கு போகும். மோட்டாரின் பராமரிப்புக்கு அது பரவாயில்லை. காசு வசூலிக்கும் மீட்டருக்கு அது ஒத்துவராது.

டெஸ்லா தன் பழுதுக்கு 64 ஜிபி ஃபிளாஷ் கொண்ட பலகையை மாற்றிக் கொடுத்தது. வேலை இதேதான்: அதே அளவு எழுதுதல் எட்டு மடங்கு இடத்தில் பரவும்போது ஒவ்வொரு பகுதியும் அழிபடும் முறை எட்டில் ஒன்றாகிறது.

தேய்ந்த நினைவகத்தைக் கண்டுபிடிப்பதில்தான் ஒரு சிக்கல். எழுதிய உடனே படித்துப் பார்த்தால் பல நேரம் சரியாகவே இருக்கும். படலம் கெட்டுப்போனதால் எலெக்ட்ரான்கள் மெல்லக் கசிந்து, சில நாளிலோ சில வாரத்திலோ மதிப்பு மாறிவிடும். ஏடிமெகா328பிக்கு 25 டிகிரியில் 100 ஆண்டு, 85 டிகிரியில் 20 ஆண்டு நிலைக்கும் என்று குறிப்பேடு சொல்வதைப் பார்த்தாலே வெப்பம் இந்தக் கசிவை எவ்வளவு வேகப்படுத்துகிறது என்று தெரியும். ஆகவே சோதிப்பவர்கள் சிப்பை முதலில் பல ஆயிரம் முறை அழித்தெழுதிவிட்டு, மின்சாரம் இல்லாமல் சூடான அறையில் பல நாள் வைத்து, அதன் பிறகுதான் ஒவ்வொரு பைட்டாகப் படித்து ஒப்பிடுகிறார்கள்.