சொல்லுக்கு 3 குரோனர் கட்டுப்படியாகுமா?

ஓஸ்லோவில் ஓர் அமைப்பு தன் ஆண்டறிக்கைக்காக 1,500 சொற்களில் ஒரு கட்டுரை கேட்கிறது, சொல்லுக்கு 3 குரோனர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,500. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் ஆவணங்களைப் படிக்க 4 மணி, இரண்டு பேட்டிகளுக்கு 6, எழுத 8, திருத்தங்களுக்கு 4 என்று 22 மணி நேரம் போகிறது. மணிக்கு 205 குரோனர்தான் தேறுகிறது.

சுயதொழிலாக எழுதும் ஒருவருக்கு வரிக்கு முன் ஆண்டுக்கு 6,00,000 குரோனர் தேவை; கணினி, காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்புக்கு இன்னும் 1,20,000. கூலி கிடைக்கும் வேலை வாரத்துக்கு 25 மணி, ஆண்டுக்கு 44 வாரம் என்றால் 1,100 மணி. வேலை தேடுவதற்கும் கணக்கு எழுதுவதற்கும் யாரும் காசு தருவதில்லை. ஆக, மணிக்கு 655 குரோனர் வந்தாக வேண்டும்.

சொல் கணக்கு மொழிபெயர்ப்புக்கு ஏற்றது. மூலம் கையில் இருப்பதால் உழைப்பு முன்பே தெரியும். எண்ணப்போவது மூலத்தின் சொற்களையா, மொழிபெயர்ப்பின் சொற்களையா என்பதை மட்டும் முதலில் பேசிக்கொள்ள வேண்டும். தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறையும். நார்வேஜிய மொழியிலும் நீண்ட கூட்டுச்சொல் ஒன்றாகவே எண்ணப்படும். அங்குள்ள பத்திரிகை ஆசிரியர்கள் பெரும்பாலும் இடைவெளியையும் சேர்த்து எழுத்துக் கணக்கில் கட்டுரை கேட்கிறார்கள்.

என்ன வேண்டும் என்று வாடிக்கையாளருக்கே தெரியாத வேலைக்கு, உதாரணமாகச் சிதறிக் கிடக்கும் அறிக்கையைச் செப்பனிடுவதற்கு, மணிக்கணக்குதான் பாதுகாப்பு. 20 மணியைத் தாண்டும் முன் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டால் அவருக்கும் பயம் இருக்காது. வேகமாக எழுதும் அனுபவசாலிக்குத்தான் இதில் நஷ்டம்.

மேலே சொன்ன ஆண்டறிக்கைக் கட்டுரைக்கு மொத்தத் தொகை பேசுவதே சரி: 22 மணிக்கு 14,410 குரோனர். இரண்டு பேட்டி, ஒரு சுற்றுத் திருத்தம், ஒரு வெளியீடு என்று எழுதிக்கொள்ள வேண்டும்; இரண்டாம் சுற்றுத் திருத்தத்துக்கு மணிக்கூலி. 2018ஆம் ஆண்டின் நார்வே பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தம் தெளிவாகக் காட்டுவதற்கு மேல் உரிமை கைமாறியதாகக் கொள்ள முடியாது (பிரிவு 67). உரிமையைக் கொடுக்கும் எழுத்தாளர் நியாயமான ஊதியம் கேட்கலாம் (பிரிவு 69).

அந்தத் தொகை எந்த வழியில் வருகிறது என்பதும் முக்கியம். ஃப்ரீலான்சருக்கான ஊதியமாக வந்தால், ஓஸ்லோவில் 14.1 சதவீத முதலாளி வரியை அமைப்பே கட்டும். நோய்வாய்ப்பட்டால் 17ஆம் நாளிலிருந்து முழு நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். சுயதொழில் இன்வாய்ஸாக வந்தால் உதவித்தொகை 80 சதவீதம்தான். எழுத்தாளர் கட்டும் சமூகக் காப்பீட்டு விகிதமும் கூடும். அதனால் இரண்டுக்கும் ஒரே விலை சொல்லக் கூடாது.

பணம் தாமதமானால், கெடு நாள் கடந்ததிலிருந்து சட்டப்படி தாமத வட்டி கேட்கலாம். அதற்கும் அசையாதவர்மீது ‘ஃபொர்லிக்ஸ்ரோட்’ என்ற சமரச மன்றத்தில் முறையிடலாம். பேசிய வேலையை உறுதிசெய்த மின்னஞ்சலையும் மணிக்கணக்குத் தாளையும் மனுவோடு இணைக்க வேண்டும்.