மூளைச்சாவும் உறுப்பு தானமும்: மார்க்க அறிஞர்கள் எங்கே வேறுபடுகிறார்கள்?

விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடல் சூடாக இருக்கிறது, நாடி துடிக்கிறது. ஆனால் மருத்துவர்கள் "மூளைச்சாவு" என்கிறார்கள். சற்று நேரத்தில் உறுப்பு தானம் பற்றியும் கேட்கிறார்கள். "துடிக்கிற இதயத்தோடு இருப்பவரை மய்யித் என்று எப்படிச் சொல்வது?" என்று குடும்பத்தார் கலங்குகிறார்கள். மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

முதலில் மருத்துவம் சொல்வதைப் பார்ப்போம். கோமாவில் மூளைக்கு உயிர் உண்டு. சிலர் மீண்டு எழுவதும் உண்டு. மூளைச்சாவில் சுவாசத்தை இயக்கும் மூளைத்தண்டே செயலிழந்து விடுகிறது. மூச்சை நடத்துவது வென்டிலேட்டர்தான். இதயத்துக்குத் தனியாகத் துடிக்கும் தன்மை இருப்பதால், ஆக்சிஜன் கிடைக்கும்வரை அது சில காலம் துடிக்கும். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் அடங்கிய குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்தே இதைச் சான்றளிக்க வேண்டும். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, தொண்டையில் குழாய் பட்டால் இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். வென்டிலேட்டரைச் சில நிமிடங்கள் நிறுத்தி, இரத்தத்தில் கரியமில வாயு கூடியும் தானாக ஒரு மூச்சாவது எழுகிறதா என்றும் பார்ப்பார்கள். மயக்க மருந்தின் தாக்கமோ உடல் மிகக் குளிர்ந்த நிலையோ இருந்தால் இச்சோதனைகள் தவறான முடிவைத் தரும். ஆகவே அவை இல்லை என்று முதலில் உறுதி செய்தாக வேண்டும்.

இனி ஷரீஅத் அறிஞர்களின் நிலைப்பாடுகள்.

இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1986இல் அம்மானில் கூடியது. இதயமும் மூச்சும் மீள முடியாதபடி நின்றாலும், மூளையின் இயக்கங்கள் அனைத்தும் மீள முடியாதபடி நின்று மூளை சிதையத் தொடங்கியதாக நிபுணர்கள் உறுதி செய்தாலும், இரண்டுமே மரணம்தான் என்று தீர்மானித்தது. 1988இல் ஜித்தாவில், ஓர் உயிரோ உடலின் அடிப்படையான ஒரு செயல்பாடோ அதைச் சார்ந்திருக்குமானால், இறந்தவரின் முன் அனுமதியோடு அல்லது வாரிசுகளின் சம்மதத்தோடு உறுப்பை எடுக்கலாம் என்றது. விலைக்கு விற்பதைத் தடுத்தது.

மக்காவில் இயங்கும் முஸ்லிம் உலக லீக்கின் ஃபிக்ஹு அகாடமி 1987இல் வேறு விதமாகச் சொன்னது. மூளை முற்றிலும் செயலிழந்தால் கருவியை அகற்றலாம். ஆனால் அகற்றிய பின் மூச்சும் இதயமும் நின்ற பிறகே மரணத்தின் சட்டங்கள் பொருந்தும். இதன் விளைவு பெரிது. இந்த நிலைப்பாட்டை ஏற்பவருக்கு, துடிக்கும் இதயத்தை எடுப்பது உயிருள்ளவரிடமிருந்து எடுப்பதாகிவிடும்.

மூன்றாவது நிலைப்பாடு இன்னும் கண்டிப்பானது. பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்றோர், உடல் அல்லாஹ்வின் அமானத், நமக்குச் சொந்தமானது அல்ல, மய்யித்தின் உடலுக்கும் கண்ணியம் உண்டு என்ற அடிப்படையில் உறுப்பு மாற்றத்தையே தடுத்தனர். இந்திய ஃபிக்ஹு அகாடமி 1989இல், நெருக்கடியான தேவையில் உயிருள்ள உறவினர் ஒரு சிறுநீரகம் தருவதை ஏற்றது. ஆனால் இறந்த பின் என் உறுப்புகளை எடுங்கள் என்பதை ஷரீஅத்தின்படியான வஸிய்யத்தாக ஏற்கவில்லை.

பிற சமயங்களிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. இஸ்ரேலின் தலைமை ரப்பிகள் அவை 1986இல் மூளைத்தண்டின் சாவை மரணமாக ஏற்றது. வேறு பெரிய ரப்பிகள் இதயம் நிற்பதே மரணம் என்று மறுத்தனர். போப் இரண்டாம் ஜான் பால் 2000இல், மூளையின் முழுமையான, மீளாத செயலிழப்பைக் கண்டிப்பாகச் சோதித்து உறுதி செய்தால் அது மனிதரைப் பற்றிய சரியான புரிதலின் அடிப்படைக் கூறுகளுக்கு முரணாகத் தோன்றவில்லை என்றார்.

மேலே சொன்ன குடும்பத்தை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். அம்மான் தீர்மானத்தை ஏற்றால், இரண்டாம் சோதனை முடிந்ததும் அவர்கள் இதயம், கல்லீரல், சிறுநீரகங்கள் பற்றிப் பேசலாம். மக்கா நிலைப்பாட்டை ஏற்றால், இதயம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அவ்வுறுப்புகளில் பலவும் பயன்படாமல் போகலாம். ஆனால் கண்ணின் கருவிழியை இதயம் நின்று 6 மணி நேரத்துக்குள் எடுக்க முடியும். எனவே கண் தானத்தில் மூளைச்சாவு பற்றிய சர்ச்சையே எழாது. உடலின் கண்ணியம் பற்றிய கேள்வி மட்டும் நிற்கும். மூன்றாவது நிலைப்பாட்டில் அதற்கும் இடமில்லை.

இவற்றுள் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. இது ஃபத்வாவும் அல்ல. தாங்கள் நம்பும் ஆலிமிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள்: மூளைச்சாவு மரணமா? மய்யித்திலிருந்து உறுப்பு எடுக்கலாமா? முதல் கேள்விக்கு ஆம் என்பவர் இரண்டாவதற்கு இல்லை எனலாம். கிடைக்கும் பதிலையும் தங்கள் விருப்பத்தையும் வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். மருத்துவமனையில் சம்மதம் கேட்கப்படுவது அவர்களிடம்தான்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.