பகலில் தூங்கும் வீடு: கட்டிலைத் தள்ளிப் போட்டாலே பாதி வைத்தியம்!

இங்கே உள்ள படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரின் படுக்கையறை இது. இரவு பத்து மணி ஷிப்ட் முடித்து, காலை ஏழரைக்கு வீடு திரும்பி எட்டு மணிக்குப் படுப்பவர். படம் எடுத்தது காலை பத்தரை மணிக்கு. "பத்து மணிக்கெல்லாம் முழிச்சுடுறாருங்க. அப்புறம் புரண்டு புரண்டு படுக்கறதுதான்" என்கிறார் மனைவி. குற்றம் அவர் உடம்பில் இல்லை. பாதிக் காரணம் இந்தப் படத்திலேயே இருக்கிறது!

நமது மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதற்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். கண்ணில் வெளிச்சம் பட்டால் 'மெலடோனின்' என்ற தூக்க ஹார்மோன் சுரப்பது குறைந்துவிடும். மூடிய இமை வழியாகவும் ஓரளவு வெளிச்சம் உள்ளே போகும். இந்தக் கடிகாரம் செல்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசே கிடைத்தது.

கட்டில் எங்கே?

படத்தில் கட்டிலின் தலைமாடு கிழக்கு ஜன்னலுக்கு அடியில் இருக்கிறது. காலை வெயில் நேராக உள்ளே வருகிறது. எதிர்ச் சுவரில் பீரோ. அதன் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி, படுத்திருப்பவர் முகத்தில் அடிக்கிறது.

மாற்றம் இதுதான். கட்டிலை ஜன்னலை விட்டு விலக்கி, ஜன்னல் இல்லாத தெற்குச் சுவரில் தலை வரும்படி போட்டோம். "தெற்கே தலை வெச்சா நல்லதுதானே" என்று வீட்டுப் பாட்டிக்கு ஏக சந்தோஷம். நாம் பார்த்தது திசையை அல்ல, அந்தச் சுவரில் ஜன்னல் இல்லை என்பதையும் பக்கத்து வீட்டு நிழலில் அது சூடாகாது என்பதையும்தான். உங்கள் வீட்டில் சாயங்கால வெயில் வாங்கும் மேற்குச் சுவர் இருந்தால் அதை ஒட்டிப் படுக்காதீர்கள். வாங்கிய சூட்டை அது இரவு வெகுநேரம் வரை வெளியே விடும்.

பீரோவை ஜன்னல் இருக்கும் அதே கிழக்குச் சுவரில் வைத்தாயிற்று. இனி கண்ணாடியில் ஜன்னல் தெரியாது.

திரையும் விளக்கும்

படத்தில் இருப்பது மெல்லிய பூப்போட்ட திரை. அதற்குப் பதில் கெட்டியான அடர்நிறத் துணி, வெளிப்பக்கம் வெள்ளை லைனிங் போட்டுத் தைத்தது. ஜன்னல் சட்டத்தைவிட இரண்டு பக்கமும் அரை அடி அதிகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் கோடு கோடாக வெளிச்சம் புகும். சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, திரையை மூடி ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். நாளிதழின் தலைப்பைப் படிக்க முடிந்தால் இன்னும் இருட்டு போதாது.

ஜன்னலை அடைத்தால் புழுங்குமே? கதவைச் சற்றுத் திறந்து வைத்து, ஹால் பக்கத்துத் திரையை இழுத்துவிடலாம். நெஞ்சுக்கு நேரே ஃபேன் வருகிற மாதிரி கட்டில் இருக்கட்டும்.

நடுவில் பாத்ரூம் போக டியூப் லைட் போடாதீர்கள். முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன மஞ்சள் அல்லது சிவப்பு பல்பு போதும். தூங்கி எழுந்த பிறகு மட்டும் திரையை முழுக்கத் திறந்துவிடுங்கள். அப்போது வெளிச்சம் நல்லது, சோம்பலை விரட்டும்.

துணி மூட்டையில் கொசு!

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஏழெட்டு சட்டைகள், கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அது ஒளிந்து ஓய்வெடுப்பது இந்த மாதிரி தொங்கும் துணியிலும் கட்டிலடி இருட்டிலும்தான். அறையை இருட்டாக்கிவிட்டு இவற்றை விட்டுவைத்தால் கொசுவுக்கு வசதி செய்து கொடுத்த மாதிரி. அழுக்குத் துணியை மூடி போட்ட கூடையில் போட்டு வெளியே வையுங்கள். பகலில் படுத்தாலும் கொசுவலை அவசியம்.

இன்னொரு தொல்லை, வீட்டுக்கே பொதுவான பீரோ அங்கே இருப்பது. மனைவி, பிள்ளைகள் என்று மாற்றி மாற்றி வந்து திறக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் விளக்கு. அன்றைக்கு வேண்டிய துணி, புத்தகம், பணத்தைக் காலை ஏழு மணிக்குள் ஹாலில் எடுத்து வைத்துவிட்டால் அந்தக் கதவு மதியம் வரை திறக்க வேண்டாம்.

இதற்கும் எல்லை உண்டு

இரண்டு வாரம் ஒரு நோட்டில் படுத்த நேரம், விழித்த நேரம், எதனால் விழித்தார் என்று எழுதுங்கள். 'வெளிச்சம்', 'சத்தம்' என்ற காரணங்கள் குறைந்து வந்தால் அறை சரியாகிவிட்டது. வாரா வாரம் ஷிப்ட் மாறினால் உடம்புக் கடிகாரம் முழுசாகப் பழகாது. அறையால் அதைத் தீர்க்க முடியாது.

வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலோ, வண்டி ஓட்டும்போது கண் சொருகினாலோ மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.